ஒரு கெட்டில், ஒரு ஸ்டவ், மூணு பசி

நேத்து ஒரு வீடியோ பார்த்தேன். "ஹாஸ்டல் ஸ்டூடன்ட்ஸுக்கு அஞ்சே நிமிஷத்துல டிபன்"னு தலைப்பு. சரி, அக்கா பொண்ணுக்கு அனுப்பலாம்னு உட்கார்ந்தேன். (திருச்சியில இன்ஜினியரிங் சேர்ந்திருக்கா. மெஸ்ல காலை டிபன் பத்தி புலம்பாத நாள் இல்ல.)

முதல் வரியே, "ஊற வச்ச பாசிப்பருப்ப மிக்ஸியில போடுங்க."

ஹாஸ்டல்ல ஏதுமா மிக்ஸி?

அடுத்தது "ஃப்ரிட்ஜ்ல அரை மணி நேரம் வைங்க." அதுக்கடுத்தது ஓவன். அந்த ரூம் வாடகைக்குக் கிடைக்கும்னா நானே போய் சேர்ந்துடுவேன்.

அவகிட்ட இருக்கறது ரெண்டே ரெண்டு. ஒன்றரை லிட்டர் எலக்ட்ரிக் கெட்டில். ரூம்ல மூணு பேருக்கும் சேர்த்து ஒரு இண்டக்ஷன் ஸ்டவ். அதுவும் வார்டன் கிட்ட கேட்டு, அனுமதி வாங்கி வச்சது. (நிறைய ஹாஸ்டல்ல ரூமுக்குள்ள ஸ்டவ் வைக்கவே விட மாட்டாங்க. கேட்டுட்டு வாங்குங்க. வாங்கிட்டுக் கட்டிலுக்கு அடியில ஒளிச்சு வைக்காதீங்க.)

"சித்தி, எனக்கு எட்டரைக்கு கிளாஸ். ஏழே முக்காலுக்குத்தான் ஸ்டவ் என் கைக்கு வரும். என்ன பண்ணலாம் சொல்லு"ன்னு கேட்டா. நானும் சென்னையில பிஜி ஹாஸ்டல்ல குப்பை கொட்டினவதான். அவளுக்குப் போன்ல சொன்னதையே இங்க கொஞ்சம் விலாவாரியா எழுதறேன்.

சமையலுக்கு முன்னாடி கரண்ட்டு. போரடிக்கும், ஆனா இத மட்டும் தாண்டிப் போகாதீங்க.

கெட்டில் பெரும்பாலும் 1500 வாட். இண்டக்ஷன் ஸ்டவ்வ முழு வேகத்துல வச்சா 2000 வாட் வரைக்கும் இழுக்கும். ரெண்டையும் சேர்த்துப் போட்டா 3500. நம்ம வீட்டு 230 வோல்ட்டுக்கு அது 15 ஆம்பியர் ஆச்சு. படிக்கற மேஜைக்குப் பக்கத்துல இருக்கும் பாருங்க சின்ன பின் பாயின்ட்டு, அது 6 ஆம்பியர். அதாவது 1400 வாட்டுக்குக்கூடத் தாங்காது. அதுல ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் சொருகி, கெட்டிலும் ஸ்டவ்வும் ஒண்ணா ஓட்டினா ஒண்ணு ட்ரிப் ஆகி ஃப்ளோர் முழுக்க இருட்டாகும், இல்லன்னா ட்ரிப் ஆகாம பாக்ஸ் உருகும். ரெண்டாவதுதான் பயம்.

அதனால பெரிய பின் சாக்கெட், நேரா சுவத்துல. ஒரு நேரத்துல ஒண்ணு. முதல்ல கெட்டில், அது டக்குனு அணைஞ்சதும் ஸ்டவ். சமைச்சு முடிச்சதும் பிளக்கத் தொட்டுப் பாருங்க. லேசா வெதுவெதுப்பு பரவாயில்ல. கை வைக்க முடியாத சூடுன்னா, இல்ல பிளாஸ்டிக் கருகற வாடை வந்தா, அந்த பாயின்ட்ட விட்டுடுங்க. எலக்ட்ரீஷியன் அண்ணா வந்து பார்க்கற வரைக்கும் பன்னும் வாழைப்பழமும்தான்.

அடுத்து பாத்திரம். இங்கதான் அம்மாக்கள் எல்லாரும் ஆசை ஆசையா ஒரு அலுமினிய வாணலிய பையில வச்சு அனுப்புவாங்க. இண்டக்ஷன்ல அது சூடாகவே ஆகாது. பீப் பீப்னு கத்திட்டு அணைஞ்சுடும். எவர்சில்வர்லயும் சிலது வேலை செய்யும், சிலது செய்யாது. கடைக்குப் போகும்போது ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டற காந்தம் ஒண்ணு எடுத்துட்டுப் போங்க. பாத்திரத்தோட அடியில கெட்டியா ஒட்டிச்சுன்னா வாங்கலாம். அடி தட்டையா இருக்கணும், அதையும் பாருங்க. மூணு லிட்டர் பிடிக்கற ஆழமான பாத்திரம் ஒண்ணு, அதுக்கு இறுக்கமா ஒரு மூடி. இது போதும், சத்தியமா போதும். மனசு கேக்கலன்னா ஒரு சின்ன இரும்பு தோசைக்கல்.

இப்ப கெட்டிலுக்கு வருவோம்.

கெட்டில்ல தண்ணி மட்டும்தான். இதுல நான் ரொம்ப பிடிவாதம். பால் கூடாது, நூடுல்ஸ் கூடாது, "ஒரே ஒரு முட்டைதான்க்கா"ன்னாலும் கூடாது. என் ரூம்மேட் ஒருத்தி அதுல பால் காய்ச்சுவா. கெட்டிலோட அடித்தட்டு ஒரே சூட்டுல கொதிக்கும், நடுவுல குறைக்க வழியே கிடையாது. பால் அங்க ஒட்டிக் கருகும். மேல நுரை பொங்கும். கெட்டில் தானா அணையறதே எப்படின்னா, கொதிச்ச ஆவி ஒரு சின்ன வழியா போய் உள்ள இருக்கற ஒரு உலோகத் தகட்டச் சுட வைக்கும், அது வளைஞ்சு சுவிட்சத் தள்ளிவிடும். பால் நுரை அந்த வழியில போய் உட்கார்ந்தா அப்புறம் அது எப்ப அணையும்னு அதுக்கே தெரியாது. அவ கெட்டில் கடைசியில வெந்நீர்லயும் தீய்ஞ்ச பால் வாசம் வர்ற நிலைமைக்குப் போச்சு. அவ காபி எங்களுக்கும் வேணாம்னு ஆயிடுச்சு.

(இதே காரணத்துக்காகத்தான் மூடியத் திறந்து வச்சுட்டு கெட்டிலப் போடக் கூடாது. ஆவி அந்தப் பக்கம் போகாது, கொதிச்சுக்கிட்டே கிடக்கும்.)

தண்ணிக்கு மட்டும்னா அது தங்கம். ஒரு லிட்டர் தண்ணிய நாலு நிமிஷத்துல கொதிக்க வச்சுடும். அந்தக் கொதிநீர ஸ்டவ்ல இருக்கற பாத்திரத்துக்கு ஊத்தினா ஸ்டவ் வேலையில பாதி முடிஞ்சுது. கியூவுல பின்னாடி நிக்கறவங்களும் முறைக்க மாட்டாங்க.

சரி, டிபன்.

உப்புமான்னு சொன்னதும் மூஞ்சிய சுளிக்காதீங்க. மெஸ் உப்புமா வேற, நான் சொல்றது வேற. ஹாஸ்டல்ல உப்புமா ஏன் கஷ்டம்? வெங்காயம் நறுக்கணும், தாளிக்கணும், ரவை வறுக்கணும். ஏழே முக்காலுக்கு யாரால முடியும்? ஆனா இந்த மூணுல ரெண்ட ஊர்ல இருந்து வரும்போதே முடிச்சுட்டு வந்துடலாம். உப்புமா மிக்ஸ். கடையில விக்கறதவிட வீட்டுல பண்றது நூறு மடங்கு மேல். அம்மாகிட்ட சொல்லுங்க, இல்ல அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது நீங்களே வறுங்க.

அரை கிலோ ரவை. வாணலியில நாலு டேபிள்ஸ்பூன் எண்ணெய். கடுகு ஒரு டீஸ்பூன், வெடிச்சதும் உளுத்தம்பருப்பும் கடலைப்பருப்பும் ஒவ்வொரு டேபிள்ஸ்பூன். அது சிவந்ததும் கிள்ளின வரமிளகா ஆறு, ரெண்டு கொத்து கறிவேப்பிலை, கொஞ்சம் பெருங்காயம். கறிவேப்பிலை கையில எடுத்தா நொறுங்கணும், அதுவரைக்கும் விடுங்க. இலையில ஈரம் இருந்துச்சுன்னா டப்பாவுக்குள்ள பூசணம் பிடிக்கும். வெங்காயம், இஞ்சி, பச்சமிளகா எதுவும் இதுல வராது, அதே காரணம். இப்ப அதே எண்ணெயில ரவையக் கொட்டி சின்னத் தீயில எட்டு நிமிஷம் போல கிளறிக்கிட்டே இருங்க. நிறம் மாற வேணாம், வாசம் வந்தா போதும். மூணு டீஸ்பூன் தூளுப்பு. நல்லா, முழுசா ஆறின பிறகு டப்பா. சூட்டோட மூடினா மூடியில வேர்த்து அந்தத் தண்ணி உள்ளயே விழும்.

இது ஒரு மாசம் தாங்கும். ஈரக் கரண்டி போடாம இருந்தா. தெறந்ததும் எண்ணெய் சிக்கு வாடை அடிச்சா தூக்கிப் போட்டுடுங்க.

ஹாஸ்டல்ல வேலை என்னன்னா, சின்ன டம்ளர்ல மிக்ஸ் ஒரு டம்ளர். ஒருத்தருக்கு அது வயிறு நிறைய வரும். கெட்டில்ல இருந்து கொதிநீர் அதே டம்ளரால ரெண்டரை. பாத்திரத்த ஸ்டவ்ல வச்சு தண்ணிய ஊத்தினதும் திரும்பக் கொதிக்கும். ஒரு கையால மிக்ஸத் தூவிக்கிட்டே இன்னொரு கையால கிளறுங்க. ரெண்டு நிமிஷம். மூடி, ஸ்டவ்வ அணைச்சுட்டு, அஞ்சு நிமிஷம் தலை வாரிட்டு வாங்க. கட்டி விழவே விழாது. ஏன்னா ஒவ்வொரு ரவையிலயும் ஏற்கனவே எண்ணெய் ஏறி இருக்கு, ஒண்ணோட ஒண்ணு ஒட்டாது. அதுதான் இந்த மிக்ஸோட ரகசியமே.

மேல அரை எலுமிச்சம்பழம் பிழிங்க. இல்ல ஊறுகாய். சர்க்கரை தொட்டு சாப்பிடறவங்களும் இருக்காங்க. (அவங்களோட எனக்குப் பேச்சுவார்த்தை இல்ல.)

ஸ்டவ் கைக்கே வராத நாள்? கரண்ட் ஆறரைக்கு வந்துட்டு ஏழுக்குப் போற நாள்? அப்பவும் ஆகும். மூடி இறுக்கமா இருக்கற எவர்சில்வர் டிபன் பாக்ஸ்ல ஒரு டம்ளர் மிக்ஸ், கெட்டில் அணைஞ்ச அந்த நொடியே ரெண்டு டம்ளர் தண்ணி, ஒரு கலக்கு, மூடி, துண்டால சுத்தி பத்து நிமிஷம். கெட்டில் அணைஞ்சு, போன் நோண்டிட்டு அப்புறமா ஊத்தினா நடுவுல வெள்ளையா வேகாம நிக்கும், பல்லுல நறநறங்கும். சம்பா கோதுமை ரவையில இந்த வித்தை நடக்காது, அதுக்கு ஸ்டவ்ல நிஜமாவே கொதிக்கணும். வெள்ளை ரவைக்கு மட்டும்தான்.

இதே டிபன் பாக்ஸ் வழியில காய்ஞ்ச அரிசி சேவை பாக்கெட்டும் வரும். கொதிநீர் ஊத்தி, பாக்கெட்ல போட்டிருக்கற நேரம் வச்சு, தண்ணிய வடிச்சுட்டு எலுமிச்சம்பழமும் உப்பும். அவலுக்கு கெட்டிலே வேணாம். கெட்டி அவல பச்சத் தண்ணியில அலசி, வடிச்சு, பத்து நிமிஷம் விட்டா பூவா மலர்ந்துடும். சுடுதண்ணி ஊத்தினா கூழாத்தான் ஆகும். வெல்லமும் தேங்காய்த் துருவலும் இருந்தா வேற எதுவும் தேவை இல்ல. தேங்காய் எங்க கிடைக்கும்னு கேட்காதீங்க. வெல்லம் மட்டும் போட்டுக்கங்க.

இட்லி.

ஆமா, இட்லி. இட்லி பானை இல்லாம, தட்டு இல்லாம.

இதுக்குத்தான் அந்த மூணு லிட்டர் பாத்திரம். சாயங்காலம் காலேஜ் விட்டு வரும்போது கடையில அரை கிலோ மாவு பாக்கெட் வாங்கிக்கங்க. ஃப்ரிட்ஜ் இல்ல, அதனால ராத்திரி முழுக்க மாவு பொங்கும், பாக்கெட் உப்பிப் போய் நிக்கும். அப்படியே மேஜை மேல வச்சுட்டுப் படுத்தா காலையில புத்தகமெல்லாம் மாவு. பாதி அளவுக்கு மேல நிறையாத ஒரு டப்பாவுல ஊத்தி வைங்க. வெயில் காலத்துல ஒரு வாளித் தண்ணி நடுவுல அந்த டப்பாவ நிறுத்தி வச்சா புளிப்பு கொஞ்சம் மெதுவா ஏறும். எப்படியும் காலையில மூணு பேரும் சேர்ந்து முழுசா முடிச்சுடணும். மீதி வச்சு மத்தியானத்துக்குன்னு நினைச்சா, புளிச்ச வாடைக்கே பக்கத்து ரூம் வந்துடும்.

காலையில மூணு எவர்சில்வர் டம்ளர். உள்பக்கம் எண்ணெய் தடவி, பாதிக்கு மாவு. பாதிக்கு மேல ஊத்தாதீங்க, வெந்ததும் உயரும். பாத்திரத்துக்குள்ள ஒரு சின்னத் தட்டக் கவுத்து வைங்க, இல்லன்னா டம்ளர் கொதியில ஆடி ஆடி சாயும். அது மேல டம்ளர்கள். கெட்டில்ல இருந்து கொதிநீர், தட்டு மூழ்கி டம்ளர்ல ஒரு அங்குலம் ஏறற அளவு. மூடிக்குள்ள ஒரு சுத்தமான துணியக் கட்டிட்டு மூடுங்க. ஆவி குளிர்ந்து மாவுல சொட்டறது அதனால நிக்கும். (துணி முனைய மேல முடிஞ்சு வைங்க, ஸ்டவ் பக்கம் தொங்கக் கூடாது.)

ஸ்டவ்வ முதல்ல 1200ல. ஆவி நல்லா வர ஆரம்பிச்சதும் 800க்கு இறக்கி பதினஞ்சு நிமிஷம். டம்ளர் இட்லி தட்டு இட்லியவிட ஆழம், அதனால அஞ்சு நிமிஷம் அதிகம். ஸ்பூன் காம்ப நனைச்சு நடுவுல குத்திப் பாருங்க. ஒட்டாம வந்தா ஆச்சு. மாவு ஒட்டினா இன்னும் மூணு நிமிஷம்.

வெளிய எடுத்ததும் கவுக்காதீங்க! நாலு நிமிஷம் ஆறட்டும். ஓரத்துல ஸ்பூன ஒரு சுத்து விட்டுக் கவுத்தா முழுசா வழுக்கிட்டு வரும். நீளமா இருக்கும், வட்டம் வட்டமா வெட்டி மிளகாப்பொடி எண்ணெய். காஞ்சிபுரம் கோயில் இட்லியும் கூடையில நீளமா வேக வச்சு வெட்டித் தர்றதுதான். யாராவது சிரிச்சா அதச் சொல்லுங்க.

போனஸ் ஒண்ணு. டம்ளர்களுக்கு நடுவுல இருக்கற இடத்துல, கழுவின முட்டை மூணு போடலாம். அந்தத் தண்ணியிலயும் ஆவியிலயும் பன்னெண்டு நிமிஷத்துல நல்லா வெந்துடும். ஒரே ஸ்டவ், ஒரே பாத்திரம், மூணு இட்லி, மூணு முட்டை. முட்டை சாப்பிடாத ரூம்மேட் இருந்தா முன்னாடியே கேட்டுக்கங்க. பாதியில சண்டை வந்தா இட்லி வேகாது.

இண்டக்ஷன்ல ஒண்ணு பாப்பீங்க. 400, 300ன்னு ரொம்ப கீழ வச்சீங்கன்னா, தண்ணி கொதிக்கும், நிக்கும், திரும்பக் கொதிக்கும். ஸ்டவ் கெட்டுப் போகல. கேஸ் மாதிரி தீயச் சின்னதாக்க அதுக்குத் தெரியாது, பெரும்பாலான ஸ்டவ்ல. கொஞ்ச நேரம் போட்டு கொஞ்ச நேரம் அணைச்சு சராசரியா குறைச்சுக் காட்டும். கஞ்சி, பால் எல்லாம் இதனாலதான் திடீர்னு பொங்கும். பக்கத்துலயே நில்லுங்க.

அப்புறம் அந்த "தோசை" பட்டன். அதுக்கு தோசையும் தெரியாது ஒண்ணும் தெரியாது. ஒரு குறிப்பிட்ட சூடு, அவ்வளவுதான். இரும்புக் கல்லுல அத அமுக்கினா ஸ்டவ் காயிலுக்கு நேரா இருக்கற நடு வட்டம் மட்டும் பழுக்கக் காயும், ஓரம் பச்சத் தண்ணியா இருக்கும். தோசை நடுவுல கருகி ஓரத்துல வெள்ளையா வர்றது இதனாலதான். கல்ல 600ல வச்சு நாலஞ்சு நிமிஷம் பொறுமையா காய விடுங்க, சூடு ஓரத்துக்கும் போகும். வார்ப்பு இரும்பா இருந்தா இது இன்னும் முக்கியம், எடுத்த எடுப்புல முழு வேகம் வச்சா விரிசல் விடலாம். தண்ணி தெளிச்சா சொய்னு ஓடணும். அப்புறம் ஒரு சாண் அளவுல சின்ன தோசையா ஊத்துங்க. ஹோட்டல் ரோஸ்ட்டு ஆசையெல்லாம் ஹோட்டல்ல வச்சுக்கலாம். மாவு ரொம்பப் புளிச்சிருந்தா தோசைய விட்டுட்டு வெங்காயம் தூவி ஊத்தப்பம், அந்தப் புளிப்பு அதுலதான் சரியா பொருந்தும்.

முடிச்சதும் ஸ்டவ்வோட பிளக்க உடனே பிடுங்காதீங்க. உள்ள ஃபேன் ஓடிக்கிட்டு இருக்கும், அது நிக்கற வரைக்கும் விடுங்க.

கடைசியா, கெட்டிலும் வேணாம் ஸ்டவ்வும் வேணாம்.

பழைய சோறு.

ராத்திரி மெஸ்ல சாப்பிட்டு எழும்போது அண்ணாகிட்ட ரெண்டு கரண்டி வெறும் சோறு கேட்டு டிபன் பாக்ஸ்ல வாங்கிக்கங்க. சாம்பார் படாத சோறு. ஆறினதும் தாமதிக்காம, சோறு மூழ்கி மேல ரெண்டு விரக்கடை நிக்கற மாதிரி குடிக்கற தண்ணி ஊத்தி லேசா மூடி வைங்க. காலையில உப்பு, கொஞ்சம் மோர் (பத்து ரூபா தயிர் பாக்கெட்டக் கரைச்சா போதும்), சின்ன வெங்காயம், பச்சமிளகா. கைய சுத்தமா கழுவிட்டுப் பிசைங்க. இதமான புளிப்பு வாசம் வரணும். கொழகொழன்னு நூலா வந்தாலோ, கெட்ட வாடை அடிச்சாலோ யோசிக்காம கொட்டிடுங்க. ஏப்ரல் மாசத் திருச்சியில இதுக்கு மேல ஒரு காலை டிபன் யாராவது கண்டுபிடிச்சா சொல்லுங்க, நான் ஒத்துக்கறேன்.

அக்கா பொண்ணு போன்ல எல்லாத்தையும் கேட்டுட்டு, "சரி சித்தி, எத முதல்ல பண்ண?"ன்னா. உப்புமா மிக்ஸ்னேன். "அது அம்மா பண்ணணும், நான் என்ன பண்ண?"ன்னு கேக்கறா. அதான் விஷயமே கண்ணு.

உங்களுக்கும் அதே பதில்தான். இந்த வாரம் ஊருக்குப் போறீங்கன்னா திரும்பி வரும்போது அரை கிலோ ரவை வறுத்து எடுத்துட்டு வாங்க, மறக்காம ஒரு காந்தமும்.